ஆடிட்டர் "கவனிக்கவும்" என்று எழுதினால் கடன் கொடுப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கோவையில் சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சின்ன நிதி நிறுவனத்தை நண்பர் ஒருவர் நடத்துகிறார். 2025 ஜனவரியில் இரண்டு கோப்புகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒன்றை ஏற்கெனவே நிராகரித்துவிட்டார். இன்னொன்றுக்கு 60 லட்சம் அனுமதித்தாயிற்று, பணம் மட்டும் இன்னும் போகவில்லை. "சும்மா ஒரு தடவை பார்த்துடுங்க சார், ஆடிட் ரிப்போர்ட்ல ஏதோ பத்தி பத்தியா எழுதியிருக்காங்க" என்றார்.

பார்த்தேன். நிராகரித்தது தவறு, அனுமதித்தது அதைவிடப் பெரிய தவறு என்று எனக்குத் தோன்றியது. நண்பர் கணக்குத் தெரியாதவர் இல்லை. இருப்புநிலைக் குறிப்பை என்னைவிட வேகமாகப் படிப்பார். அவரை ஏமாற்றியது இரண்டு பத்திகளின் தலைப்புகள்தான். அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன். கம்பெனிகளை அடையாளம் காண முடியாதபடி தொழிலையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் கோப்பு, நிராகரிக்கப்பட்டது. பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. விற்றுமுதல் 22 கோடி, சொந்த நிதி 6 கோடி, மூன்று வருடமாக லாபம். தணிக்கை அறிக்கையில் "எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்" என்று தனித் தலைப்பு. அதன் கீழே, குறிப்பு 30-ஐப் பார்க்கவும், ஜிஎஸ்டி வகைப்பாடு தொடர்பாக வட்டி, அபராதம் உட்பட 1.30 கோடி கேட்டு உத்தரவு வந்துள்ளது, மேல்முறையீடு நிலுவையில் உள்ளது, எங்கள் கருத்தில் மாற்றம் இல்லை என்று இருந்தது.

இரண்டாவது கோப்பு, அனுமதிக்கப்பட்டது. வார்ப்புகளை வாங்கி மெஷினிங் செய்து கொடுக்கும் கம்பெனி. அதன் அறிக்கையில் "மெட்டீரியல் அன்சர்டெய்ன்டி ரிலேட்டட் டு கோயிங் கன்சர்ன்" என்று ஒரு தலைப்பு. குறிப்பு 31-ஐப் பார்க்கவும், வருட நஷ்டம் 85 லட்சம், நடப்புப் பொறுப்புகள் நடப்புச் சொத்துகளைவிட 2.10 கோடி அதிகம், நிர்வாகம் சில திட்டங்கள் வைத்திருக்கிறது, ஆனாலும் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் கணிசமான ஐயத்தை எழுப்பக்கூடிய நிச்சயமின்மை உள்ளது. இதிலும் கடைசி வரி அதேதான்: எங்கள் கருத்தில் மாற்றம் இல்லை.

"ரெண்டுலயும் ஒப்பீனியன் க்ளீன்தானே சார்? முதல்ல இருக்கிறவனுக்கு கேஸ் இருக்கு, அதனால வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது ஆளுக்கு ஒரு வருஷம் நஷ்டம், அது யாருக்கு வராது?"

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான். "கருத்தில் மாற்றம் இல்லை" என்பதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் கிடையாது. கணக்குகள் சட்டப்படியும் கணக்கியல் தரநிலைப்படியும் சரியாகக் காட்டுகின்றன என்பது மட்டுமே அதன் பொருள். நோயாளியின் ஸ்கேன் தெளிவாக வந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி. படம் தெளிவு, படத்தில் என்ன தெரிகிறது என்பது வேறு விஷயம்.

கோயிங் கன்சர்ன் என்றால் என்ன என்பதை ஒரு லேத் மெஷினை வைத்துப் பார்க்கலாம். 40 லட்சத்துக்கு வாங்கி, தேய்மானம் போக 26 லட்சம் என்று புத்தகத்தில் நிற்கிறது. இந்த 26 லட்சம் என்ற எண்ணுக்கு அர்த்தம் இருப்பதே, கம்பெனி இன்னும் பல வருடம் அந்த மெஷினை ஓட்டப் போகிறது என்ற அனுமானத்தால்தான். நாளைக்கே ஷட்டரை இறக்கினால் பழைய மெஷின் வியாபாரி கொடுப்பதுதான் விலை. அது 12 லட்சமாகவும் இருக்கலாம். கையிருப்புச் சரக்கு, பாதி முடிந்த வேலை, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் இதே கதி. ஏஎஸ் 1 என்ற கணக்கியல் தரநிலை இதை அடிப்படை அனுமானங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அனுமானம் பின்பற்றப்பட்டால் தனியாகச் சொல்லத் தேவையில்லை, பின்பற்றாவிட்டால்தான் சொல்ல வேண்டும். ஆகவே ஆடிட்டர் இந்த அனுமானத்தைப் பற்றித் தனியாக ஒரு தலைப்பு போட்டுப் பேசினால், நீங்கள் பார்த்துக் கொண்டிருக்கும் ஒவ்வொரு சொத்தின் மதிப்பும் ஒரு "ஒருவேளை"யின் மேல் நிற்கிறது என்று பொருள். அடமான மதிப்பையும் சொந்த நிதியையும் வைத்துக் கடன் கொடுப்பவருக்கு இதைவிட முக்கியமான தகவல் என்ன இருக்க முடியும்?

எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் இப்படிப்பட்டது இல்லை. எஸ்ஏ 706 என்ற தணிக்கைத் தரநிலைப்படி, கணக்குகளில் ஏற்கெனவே சரியாகச் சொல்லப்பட்டுவிட்ட ஒரு விஷயம், படிப்பவர் கண்ணில் படாமல் போகக் கூடாத அளவுக்கு முக்கியமாக இருந்தால், ஆடிட்டர் அதை நோக்கி விரல் நீட்டலாம். அவ்வளவுதான். பெரிய வழக்கு, வருட முடிவுக்குப் பின் நடந்த பெரிய சம்பவம், வெள்ளம், தீ போன்றவை வழக்கமான உதாரணங்கள். கணக்கில் இல்லாத புதிய தகவல் எதையும் அந்தப் பத்தியில் அவர் சொல்லக் கூடாது. எந்தக் குறிப்பு என்பதையும் அவர் சுட்ட வேண்டும். ஆகவே பத்தியைப் படித்துப் பயப்படுவதைவிட அந்தக் குறிப்புக்குப் போவதுதான் வேலை.

முதல் கம்பெனியின் குறிப்பு 30-க்குப் போனோம். சர்ச்சைக்குரிய வரி 80 லட்சம், மீதி வட்டியும் அபராதமும். முதல் மேல்முறையீட்டுக்காக வரியில் 10 சதவீதம், அதாவது 8 லட்சம் கட்டியாகிவிட்டது. தோற்றால் மொத்தம் 1.30 கோடி போகும். சொந்த நிதி 6 கோடி, அதில் 1.30 போனால் 4.70 மிஞ்சும். வலிக்கும், ஆனால் சாகாது. நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். தோற்றால் ஒரே நேரத்தில் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? இதே வகைப்பாட்டை அடுத்த வருடங்களிலும் பின்பற்றியிருக்கிறீர்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். ஒரு வருடத்துக்கு உத்தரவு வந்தால், அதே தவறுக்கு அடுத்தடுத்த வருடங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. 1.30 கோடி சில வருடங்களில் மூன்று கோடியாகலாம். அதை எம்ஃபசிஸ் பத்தி சொல்லாது.

நண்பருடைய குழப்பத்துக்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. பழைய எஸ்ஏ 570-இன்படி, தொடர்ந்து நடக்குமா என்ற நிச்சயமின்மை கணக்கில் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருந்தால் ஆடிட்டர் அதை எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் பத்தியாகத்தான் போட வேண்டும். அதனால் பழைய கடன் அதிகாரிகளுக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். 2017 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் வருடங்களுக்கு வந்த திருத்தப்பட்ட தரநிலை, இதைத் தனித் தலைப்பாகப் பிரித்துவிட்டது. எம்ஃபசிஸ் பத்தியை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் எஸ்ஏ 706 சொல்கிறது. பயம் மட்டும் பழைய தலைப்பிலேயே தங்கிவிட்டது. அபாயம் புதுத் தலைப்புக்குக் குடிபோய்விட்டது.

ஆனால் தலைப்பை மட்டும் நம்பவும் கூடாது. இன்றும் சில அறிக்கைகளில் எம்ஃபசிஸ் என்ற தலைப்பின் கீழ் "கம்பெனியின் திரண்ட நஷ்டம் சொந்த நிதியைத் தின்றுவிட்டது, இருந்தும் கணக்குகள் கோயிங் கன்சர்ன் அடிப்படையில் தயாரிக்கப்பட்டுள்ளன" என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். பழக்க தோஷமாக இருக்கலாம், வாடிக்கையாளர் கெஞ்சியதாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அதைக் கோயிங் கன்சர்ன் பத்தியாகவே படியுங்கள். இன்னொரு வேஷமும் உண்டு. "குறிப்பு 28-ஐக் கவனிக்கவும், 70 லட்சம் வராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யப்படவில்லை." இது கவனிக்கவும் விஷயமே இல்லை. ஒதுக்க வேண்டியதை ஒதுக்கவில்லை என்றால் கணக்கு தவறு. ஆடிட்டர் கருத்தையே நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். கண்டுபிடிக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: "இந்தப் பத்தி சொல்வது உண்மை என்றால் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள எண் சரியா?" சரி என்றால் அது உண்மையான எம்ஃபசிஸ். சரியில்லை என்றால், அந்த எண்ணை நீங்களே பேனாவால் திருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. நண்பரின் அலுவலகத்தில் ஒரு பையன் பிடிஎஃப் கோப்பைத் திறந்து `going concern` என்று தேடி, வந்த இடங்களையெல்லாம் மஞ்சள் அடித்துக் கொடுப்பானாம். எல்லா அறிக்கையிலும் மஞ்சள்தான். ஏனென்றால் நிர்வாகத்தின் பொறுப்பு, ஆடிட்டரின் பொறுப்பு என்ற பகுதிகளில் இந்தச் சொல் அச்சுப்போட்டது மாதிரி எப்போதும் வரும். "எதிர்கால நிகழ்வுகள் கம்பெனி தொடராமல் போகக் காரணமாகலாம்" என்ற வரிகூட அங்கே வழக்கமாக உண்டு. ஆரோக்கியமான கம்பெனிக்கும் அதே வரிதான். எச்சரிக்கை என்பது தனித் தலைப்போடு, குறிப்பு எண்ணோடு வருவது மட்டுமே.

இப்போது இரண்டாவது கோப்புக்கு வருகிறேன், 60 லட்சம் அதில்தான் இருக்கிறது.

முதலில் தேதிகள். வருட முடிவு 2024 மார்ச் 31. அறிக்கையில் கையெழுத்து செப்டம்பர் 6. நாங்கள் படித்தது ஜனவரியில். நிர்வாகம் குறைந்தது வருட முடிவிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்காவது மதிப்பீடு செய்திருக்க வேண்டும் என்பதுதான் ஆடிட்டர் எதிர்பார்க்க வேண்டியது. அதாவது 2025 மார்ச் 31 வரை. நாங்கள் படிக்கும்போது அந்தக் கெடுவில் மூன்று மாதம்கூட மிச்சமில்லை. நண்பர் கொடுக்கவிருந்த கடனோ 36 மாதத்துக்கு. ஆடிட்டரின் பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடனின் பெரும்பகுதிக் காலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இதை யோசித்துப் பார்த்த கடன் அதிகாரிகள் குறைவு என்பது என் அனுபவம்.

அடுத்து, பெரிய கம்பெனி அறிக்கைகளில் காரோ என்று ஓர் இணைப்பு வரும். அதில் பத்தொன்பதாவது பிரிவு, ஒரு வருடத்துக்குள் வரும் பொறுப்புகளைக் கம்பெனியால் அடைக்க முடியுமா என்று ஆடிட்டரை நேராகவே கேட்கிறது. இந்தக் கம்பெனி சட்டப்படி "சிறிய கம்பெனி". அதனால் காரோ கிடையாது. பணப்பாய்வு அறிக்கையும் கட்டாயம் இல்லை. கடன் கொடுப்பவருக்கு மிகவும் தேவையான இரண்டு காகிதங்களும் சிறு கடனாளியிடம்தான் இருக்காது. ஆகவே நாமே உட்கார்ந்து போட வேண்டும். போட்டோம்.

நடப்புச் சொத்து 4.60 கோடி: சரக்கு 1.90, வர வேண்டிய பாக்கி 2.40, ரொக்கமும் மற்றவையும் 0.30. நடப்புப் பொறுப்பு 6.70 கோடி: வங்கி கேஷ் கிரெடிட் 2.50, சரக்குக் கொடுத்தவர்களுக்கு 2.40, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய டேர்ம் லோன் தவணை 0.90, மற்றவை 0.90. இடைவெளி 2.10 கோடி என்பது ஆடிட்டர் சொன்னதுதான். குறிப்புகளில் பாக்கிகளின் வயது அட்டவணை இருக்கிறது, இப்போது அது கட்டாயம். அதில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கி 70 லட்சம். கேட்டதில் முழுவதும் ஒரே வாடிக்கையாளர். அது வராது என்று வைத்தால் இடைவெளி 2.80 கோடி.

பிறகு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்த்தோம். நிலைமை மார்ச்சுக்குப் பிறகு பெரிதாக மாறவில்லை என்று முதலாளியே சொன்னதால் அதே எண்களை எடுத்துக்கொண்டோம். 85 லட்சம் நஷ்டத்தில் 55 லட்சம் தேய்மானம், அது ரொக்கமாக வெளியே போவதில்லை. உண்மையான ரொக்க நஷ்டம் 30 லட்சம். தவணை 90 லட்சம். சரக்குக் கொடுத்தவர்களில் கெடு தாண்டி நெருக்குகிறவர்களுக்கு 60 லட்சம். மொத்தம் 1.80 கோடி.

இதற்குக் குறிப்பு 31 என்ன வழி சொல்கிறது? காலி மனை ஒன்றை 1.40 கோடிக்கு விற்பது, முதலாளி குடும்பம் 50 லட்சம் கொண்டுவருவது, வங்கி லிமிட்டைப் புதுப்பிப்பது, புது ஆர்டர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 1.40-ம் 0.50-ம் சேர்ந்தால் 1.90, தேவை 1.80. நண்பரும் இந்தக் கூட்டலைத்தான் போட்டிருந்தார். அதோடு தன் 60 லட்சமும் சேர்ந்தால் தாராளம் என்று நினைத்தார்.

"அந்த மனை யார்கிட்ட அடமானத்துல இருக்கு?" என்று கேட்டேன். கோப்பைப் புரட்டினார். கேஷ் கிரெடிட் கொடுத்த வங்கியிடம். மனையை விற்க வங்கி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். வங்கி சும்மா தராது. அனுமதிக் கடிதத்தின் நகலிலேயே இருந்தது: விற்பனைத் தொகை முழுவதும் லிமிட்டைக் குறைக்கப் போக வேண்டும். ஆக 1.40 கோடி கம்பெனியின் கைக்கே வராது. லிமிட் 2.50-லிருந்து 1.10 ஆகும், வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 14 லட்சம் மிச்சமாகும். அவ்வளவுதான் அந்த மனையால் வரும் ரொக்க லாபம். 180-இல் 14 போக 166. குடும்பப் பணம் 50 போக 116. நண்பரின் 60 லட்சம் போக இன்னும் 56 லட்சம் துண்டு. கூடவே அவருடைய கடனுக்கே மாதம் சுமார் 2 லட்சம் தவணை. கடன் இந்தக் கம்பெனியைக் காப்பாற்றாது. கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவரும் கடன்காரர் வரிசையில் வங்கிக்குப் பின்னால் நிற்பார்.

இப்படி ஒரு பத்தியைப் பார்த்தால் நான் நிர்வாகத் திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் மூன்றைக் கேட்பேன்: காகிதம் எங்கே, பணம் யார் கைக்குப் போகும், அறிக்கை தேதிக்குப் பிறகு என்ன நடந்தது. மனைக்கு 10 லட்சம் முன்பணத்தோடு ஒப்பந்தம் இருந்தது, ஆனால் கிரயக் கெடு நவம்பரிலேயே முடிந்துவிட்டது. 50 லட்சத்துக்குக் குடும்பம் ஒரு ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தது. கொடுத்தவரின் வங்கிக் கணக்கையோ வருமான வரிக் கணக்கையோ யாரும் நண்பரிடம் காட்டவில்லை. பணமில்லாதவர் கொடுக்கும் ஆதரவுக் கடிதம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, மரியாதைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விகளை முதலாளியிடம் கேட்க வேண்டும். ஆடிட்டருக்கு ஃபோன் போட்டால், வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர் பேச முடியாது.

இதில் கொஞ்சம் சங்கடமான ஒரு வட்டமும் உண்டு. லிமிட் புதுப்பிக்கப்படுமா என்பது ஆடிட்டருக்குப் பெரிய ஆதாரம். ஆடிட்டர் பத்தி போட்டாரா என்பது வங்கிக்குப் பெரிய ஆதாரம். பத்தியைப் பார்த்து வங்கி விலகினால் கம்பெனி விழுந்தே விடும், பத்தி நிஜமாகிவிடும். அதனால்தான் முதலாளிகள் அந்தப் பத்தி வேண்டாம் என்று அப்படிப் போராடுகிறார்கள். பத்தியைக் கண்டவுடன் கதவைச் சாத்தும் கடன்காரர், அடுத்த வருடம் தன்னிடம் உண்மை சொல்லாத அறிக்கைகளைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். திட்டம் தாங்குமானால் பத்தி இருக்கும் கம்பெனிக்கும் கடன் கொடுக்கலாம், விலையையும் நிபந்தனையையும் அதற்கேற்ப வைத்து.

பத்தி இல்லாததும் உறுதிமொழி இல்லை. நிர்வாகத்தின் திட்டம் போதும் என்று ஆடிட்டர் நம்பிவிட்டால் நிச்சயமின்மை "மெட்டீரியல்" இல்லை என்று முடிவு செய்வார், தலைப்பு வராது. நூலிழையில் தப்பிய கம்பெனியும் கொழுத்த கம்பெனியும் ஒரே மாதிரி அறிக்கையோடு வரும். வித்தியாசம் குறிப்புகளில்தான் தெரியும். அதனால் கடனாளி இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறிக்கை, எல்லாக் குறிப்புகள், இயக்குநர் அறிக்கை, எல்லாம் வேண்டும். ஆடிட்டர் கையெழுத்தின் கீழ் இருக்கும் யூடிஐஎன் எண்ணை ஐசிஏஐ தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

நண்பர் முதல் கம்பெனியைத் திரும்பக் கூப்பிட்டார். அவர்கள் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். இரண்டாவது முதலாளியிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டினாராம். அவர் கோபப்படவில்லை. "மனைப் பணத்தை பேங்க் எடுத்துக்கும்னு எனக்கும் தெரியும் சார், ஆடிட்டர் கேட்கலை, நானும் சொல்லலை" என்றாராம். கடைசியில் 60 லட்சம் கடன் போகவில்லை. புது வாடிக்கையாளருக்கு அனுப்பும் சரக்கின் பில்களின் மேல் மட்டும் 20 லட்சம் வரை, பணம் நேராக நண்பரின் கணக்குக்கு வரும்படி ஓர் ஏற்பாடு. மனைப் பணத்தில் 40 லட்சத்தையாவது நடைமுறைச் செலவுக்கு விடும்படி வங்கியிடம் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.